பெட்ரூம் ஏ.சி. ஒரு டன்னா, ஒன்றரை டன்னா? சென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

எங்க பெட்ரூம் 11-க்கு 12. ஒரு டன் போதுமா, ஒன்றரை எடுக்கணுமா?

நீளம் அகலத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாத அளவு இது. உங்கள் தலைக்கு மேல் இன்னொரு வீடு இருக்கிறதென்றால் ஒரு டன் போதும். அதே அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு வெயில் வாங்கும் சுவரோடு இருந்தால் ஒன்றரை எடுங்கள்.

110 சதுர அடிக்குக் குறைவான அறையில் எந்தத் தளமானாலும் பெரும்பாலும் ஒரு டன் சமாளித்துவிடும். 160-ஐத் தாண்டினால் ஒன்றரைக்குப் போய்விடலாம். நடுவில் இருக்கிற அறைகளில்தான் குழப்பமெல்லாம். நம் ஊர் ஃபிளாட் பெட்ரூம்கள் பெரும்பாலும் அந்த நடுவில்தான் வந்து உட்காருகின்றன. கீழே உள்ளதெல்லாம் அந்த அறைகளுக்காகத்தான்.

கடையில "நூறு சதுர அடிக்கு ஒரு டன்"னு சொல்றாங்களே, அது சரியா?

விற்கிறவருக்குப் பாதுகாப்பான கணக்கு. அப்படிக் கொடுத்தால் "குளிரலை" என்று யாரும் திரும்பி வரமாட்டார்கள். நடுத்தளத்து அறைக்கு அது கொஞ்சம் அதிகம். மேல்தளத்து மேற்கு அறைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். எல்லா அறைக்கும் ஒரே அளவுகோலை வைப்பதுதான் அதில் கோளாறு.

நான் போடும் கணக்கும் கைக்கணக்குதான். ஆனால் தளத்தையும் திசையையும் தனித்தனியாகச் சேர்க்கும். 10 அடி உயரம், மேலே வீடு, இரண்டு பேர் தூங்கும் அறை, மேற்கு வெயில் இல்லை என்றால் சதுர அடிக்கு 22 வாட் குளிர்ச்சி வேண்டும். சூடாகிக் கிடக்கும் அறையை முதலில் இறக்குவதற்கான கூடுதலும் இதற்குள் அடக்கம். மொட்டை மாடி மேலே இருந்தால் 20 சதவீதம் கூட்டுங்கள். மேற்குச் சுவரும் அதில் ஜன்னலும் இருந்தால் 15 சதவீதம். இரண்டு பேருக்கு மேல் படுத்தால் ஆளுக்கு 150 வாட்.

உதாரணத்துக்கு நங்கநல்லூர்ப் பக்கம் இரண்டு மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்தளம், 11-க்கு 12 அறை, 10 அடி உயரம், மேற்குச் சுவரில் நாலுக்கு நாலு ஜன்னல், கணவன் மனைவி இருவர். 132 சதுர அடியை 22-ஆல் பெருக்கினால் 2,904 வாட். மாடிக்கு 20 சதவீதம், அதாவது 580. மேற்குக்கு 15 சதவீதம், 435. மொத்தம் 3,900-க்குக் கொஞ்சம் மேல். ஒரு டன் மெஷின் ஏறக்குறைய 3,500 வாட்தான் கொடுக்கும். பற்றாக்குறை 400 வாட். ஒன்றரை டன்தான் சரி.

இப்போது அதே வீட்டின் முதல் மாடியில், அதே இடத்து அறையைப் பாருங்கள். மாடிக் கணக்கு போய்விடுகிறது. 2,904-உம் 435-உம் சேர்த்து 3,340. ஒரு டன்னுக்குள் அடங்கிவிட்டது. ஒரே வாசல், ஒரே அளவு, இரண்டு அறைக்கும் வேறு வேறு மெஷின். கீழ்வீட்டுக்காரர் சொன்ன டன்னை மேல்வீட்டுக்காரர் வாங்கினால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டி மேல 1.5 டன்னு இருக்கு, ஆனா லேபிள்ல வாட்ல வேற நம்பர் போட்டிருக்கே. எதைப் பார்க்கணும்?

வாட்டை. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. சூட்டை வெளியேற்றும் திறன், அதாவது 3,517 வாட். அந்தக் கணக்கில் ஒன்றரை டன் 5,275 வாட் இருக்கவேண்டும். ஆனால் ஒன்றரை டன் என்று விற்கிற மெஷின்கள் பல 4,800-க்கும் 5,200-க்கும் இடையில்தான் இருக்கும். ஒரு டன்னிலும் 3,300 முதல் 3,550 வரை பார்க்கலாம். நட்சத்திர லேபிளிலேயே கூலிங் கெப்பாசிட்டி என்று அச்சிட்டிருப்பார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் அறைக்கு அந்த 200 வாட் வித்தியாசம் பெரிது. விளம்பர அட்டையை விட்டுவிட்டு லேபிளைக் குனிந்து படியுங்கள்.

இன்னொன்று. அந்த எண் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 தாண்டும் நாட்களில் அதே மெஷின் அவ்வளவு கொடுக்காது. அவுட்டோர் யூனிட்டை மூடிய டக்டுக்குள்ளோ, நாலு பக்கமும் கிரில் அடைத்த பால்கனியிலோ வைத்தால் அது தான் விட்ட அனலையே திரும்ப இழுத்துக்கொண்டு நிற்கும். அப்போது இன்னும் குறையும். ஆகவே கணக்கு 3,450 என்று வந்து, லேபிளில் 3,400 என்று இருந்தால் "கிட்டத்தட்டச் சரிதானே" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வெயில்தான் ஆறு ஆறரைக்கு இறங்கிடுதே. ராத்திரி மட்டும் போடுற ஏ.சி.க்கு மொட்டை மாடி எப்படித் தொந்தரவு ஆகும்?

ராத்திரியில்தான் தொந்தரவே. கான்கிரீட் தளம் வெயிலை வாங்கினவுடன் உள்ளே விடுவதில்லை. ஐந்து அங்குல ஸ்லாப், அதற்கு மேல் சுருக்கி, அதன்மேல் தட்டோடு என்று ஒரு கனமான அடுக்கு அது. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, பல மணி நேரம் தாமதமாகக் கீழே இறக்கும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வரும் நேரத்தில்தான் சீலிங் நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும். வெளியே கடற்காற்று வந்து தெரு குளிர்ந்துபோயிருக்கும், அறை மட்டும் அடுப்பு அணைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும்.

நீங்களே சோதிக்கலாம். மே மாதத்தில் ஒருநாள் ஏ.சி. போடாமல் ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டூலில் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு அடுத்த அறையோடு சேர்ந்த உள்சுவரில் வையுங்கள். சீலிங் கையில் தெளிவாகச் சுட்டால் முழு 20 சதவீதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால், மேலே யாரோ குளிர்ச்சி ஓடோ வெள்ளைப் பூச்சோ போட்டிருக்கிறார்கள். அப்போது 10 போதும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், டன்னைக் குறைக்கிற வழியும் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன நங்கநல்லூர் அறையையே எடுங்கள். மாடித் தரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால், மாடிக்கு 10 சதவீதம், மேற்குக்கு 5 சதவீதம் என்று குறைத்துக்கொள்ளலாம். மொத்தம் அதே 3,340-க்கு வந்துவிடும். மேல்தளத்து அறை முதல் மாடி அறையாக மாறிவிட்டது என்று அர்த்தம். ஒரு டன் போதும், அதுவும் ஒவ்வொரு கோடையிலும் குறைந்த கரண்டில் ஓடும். ஆனால் பூச்சில் தூசி படிந்து கறுத்துப்போனால் பலன் இறங்கிவிடும். வருடா வருடம் மார்ச்சில் ஒருமுறை கழுவிவிடுகிற பழக்கம் வேண்டும்.

மாலையில் மாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். ஊற்றினால் குளிரும். ஆனால் இந்த ஊரில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி மாடியில் ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கு. அதுக்கும் மேற்கு மாதிரியே கூட்டணுமா?

வேண்டாம். சென்னையில் சூரியன் ஏப்ரல் 24 வாக்கில் நேர் உச்சிக்கு வருகிறது. மறுபடி உச்சிக்கு வருவது ஆகஸ்ட் 18 வாக்கில். நடுவில் உள்ள மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கோடையின் உச்சத்தில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் வராது. சன்ஷேட் இருந்தால் கவலையே வேண்டாம். தெற்கு ஜன்னலில் வெயில் நீண்டு விழுவது மார்கழி, தை மாதங்களில், அப்போது உங்களுக்கு ஏ.சி.யே வேண்டியிருக்காது.

கிழக்கு ஜன்னல் காலையில் சுடும். ராத்திரி தூங்கும் அறைக்கு அது பெரிய பொருட்டில்லை. பகலில் குழந்தை தூங்கும் அறை, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அறை என்றால் 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டருக்குத் தனியாக 150 வாட்.

மேற்குதான் எமன். மதியம் இரண்டு மணிக்கு மேல் சூரியன் தாழ வருவதால் சன்ஷேட்டுக்கு அடியில் நுழைந்து கண்ணாடி வழியாக உள்ளே விழும். உள்பக்கத் திரை ஓரளவுக்குத்தான் உதவும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு திரையைச் சுடவைத்து அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் வெளியே தட்டி கட்டச் சொன்னேன்.

பாட்டி வீடு மயிலாப்பூர்ல, பழைய வீடு. சீலிங் 13 அடி இருக்கும். உயரத்துக்குத் தகுந்த மாதிரி டன்னைப் பெருக்கணுமா?

பெருக்கவேண்டாம், கொஞ்சம் கூட்டினால் போதும். 10 அடிக்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் 5 சதவீதம் என்பது என் கணக்கு. 13 அடிக்கு 15 சதவீதம். அறையில் அடைந்திருக்கும் காற்றைக் குளிரவைக்க அதிக சக்தி செலவாவதில்லை. உயரம் கூடும்போது சூடு வாங்கும் சுவரின் பரப்பு கூடுகிறது, அதற்குத்தான் இந்தக் கூட்டல். சூடான காற்று மேலேயே தங்கும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது தெரியாது. ஆனால் ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டால் மேலே இருப்பது கீழே கலந்துவிடும். உயரமான அறையில் ஃபேன் ஒன்றிலோ இரண்டிலோ இருக்கட்டும். இன்டோர் யூனிட்டையும் சீலிங்கை ஒட்டி 12 அடியில் மாட்டவிடாதீர்கள். ஏழரை, எட்டு அடி உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

பழைய வீட்டில் உயரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, வெண்டிலேட்டர். கதவு ஜன்னலுக்கு மேலே, சுவரின் உச்சியில் ஒரு அடிக்கு ஒரு அடி திறப்பு இருக்கும், கம்பி மட்டும் போட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் சூட்டை வெளியேற்ற வைத்த அருமையான ஏற்பாடு அது. ஏ.சி. போட்டால் அதே திறப்பின் வழியாகக் கடற்கரை ஈரக்காற்று ராத்திரி முழுக்க உள்ளே வந்துகொண்டிருக்கும். இரண்டு டன் போட்டாலும் போதாது. முதலில் அதைக் கண்ணாடி வைத்து அடையுங்கள்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஊதுவத்தி போதும். ஏ.சி., ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் போட்டு அந்தக் கதவைத் திறந்துவையுங்கள். பற்றவைத்த ஊதுவத்தியைக் கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், சுவரில் பைப் போன துளை என ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். புகை உள்பக்கமாகச் சாய்ந்து ஓடும் இடமெல்லாம் ஓட்டை. கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல் உள்ள அட்டாச்டு பாத்ரூமின் கதவுக்குக் கீழேயும் இதே கதைதான். ராத்திரி அந்தக் கதவைச் சாத்தி வையுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் போட்டா டன் குறையுமா?

நடுத்தளத்தில் 10 அடியை 9 ஆக்கினால் 5 சதவீதம் குறையும், அதற்காக யாரும் செலவு செய்யவேண்டாம். மேல்தளத்தில் மேலே ஒரு அடுக்குக் கண்ணாடிக் கம்பளி விரித்துப் போட்டால் மாடிச் சூடு நன்றாகவே தடைபடும். வெறும் ஜிப்சம் பலகை என்றால் பலன் சுமார்தான்.

எதுக்கு வம்பு, ரெண்டு டன்னே போட்டுட்டா? இன்வெர்ட்டர்தானே, தானே குறைச்சுக்கும்ல?

குறைத்துக்கொள்ளும், ஒரு எல்லை வரை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தன் முழு வேகத்திலிருந்து ஒரு குறைந்தபட்ச வேகம் வரைதான் இறங்கும். அது மாடலுக்கு மாடல் மாறும். சின்ன அறையில் நள்ளிரவு இரண்டு மணிக்கு மேல் தேவைப்படும் குளிர்ச்சி அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே போய்விட்டால், பழைய மெஷின் மாதிரியே நின்று நின்று ஓட ஆரம்பிக்கும்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், சென்னைக்கு அது ஒரு தனி நஷ்டம். நமக்கு ஏ.சி. இரண்டு வேலை செய்யவேண்டும், சூட்டை எடுக்கவேண்டும், புழுக்கத்தையும் எடுக்கவேண்டும். புழுக்கம் போவது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராகி, டிரெய்ன் பைப் வழியாக வெளியே சொட்டும்போதுதான். அதற்குக் காயில் விடாமல் சில்லென்று இருக்கவேண்டும். பெரிய மெஷின் பத்து நிமிடத்தில் 24 டிகிரியைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். நின்றதும் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் வடிவதற்குள், உள்ளே ஓடும் ஃபேன் அதை ஆவியாக்கி மறுபடி அறைக்கே அனுப்பிவிடும். ரிமோட் 24 என்று காட்டும், போர்வையோ நசநசவென்று இருக்கும். "குளிருது, ஆனா சௌகரியமா இல்லை" என்று சொல்வார்கள். உடனே 20-க்கு இறக்குவார்கள். விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும், அலமாரிக்குள் துணி பூசணம் வாடை அடிக்கும்.

ஆகவே கணக்குக்கு மேல் ஒரு படி ஏறலாம், இரண்டு படி வேண்டாம். 3,600 வந்தால் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் சரி. 2,400 வரும் அறைக்கு ஒன்றரை டன் வாங்குவது காசைக் கொடுத்துப் புழுக்கத்தை வாங்குவது. இன்வெர்ட்டர் இல்லாத மெஷின் என்றால் அந்த ஒரு படியும் ஏறாமல் கணக்கை ஒட்டியே நில்லுங்கள்.

ஒரு டன் மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த மே மாசம் குளிரவே மாட்டேங்குது. டன் பத்தலையா, கேஸ் போயிடுச்சா?

வருகிற ஆள் பெரும்பாலும் "கேஸ் இல்லை சார்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் வருவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். கதவைச் சாத்தி, 18-இல் வைத்து, ஃபேன் வேகத்தை அதிகமாக வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம், காற்றை இழுக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, காற்று வெளியே வரும் வாயில். இரண்டுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. நம் ஊர் ஈரத்தில் 8, 9 வந்தாலே நல்லதுதான். அப்படியிருந்தும் அறை 28-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் உள்ளே வரும் சூடு அதிகம், அதாவது டன் போதவில்லை. கேஸ் நிரப்புவதால் ஒன்றும் நடக்காது.

வித்தியாசம் நாலைந்து டிகிரிதான் என்றால் கோளாறு மெஷினில். காயில் அழுக்கு, அவுட்டோர் யூனிட்டில் தூசி, அல்லது உண்மையிலேயே கேஸ் கசிவு. ஈ.சி.ஆர்., திருவான்மியூர், எண்ணூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று அவுட்டோர் காயிலை அரித்துவிடுவது வழக்கம். இன்னொரு அடையாளமும் உண்டு. முதல் வருடம் நன்றாகக் குளிர்ந்து இப்போது குளிரவில்லை என்றால், அறை மாறவில்லை, மெஷின்தான் மாறியிருக்கிறது. மாட்டிய முதல் கோடையிலிருந்தே குளிரவில்லை என்றால் டன்னைச் சந்தேகப்படுங்கள்.

டன் போதாத அறையில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, அடைந்த அனலை வெளியே விடுங்கள். எட்டரைக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பத்து மணிக்குப் படுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

0.8 டன்னு ஒண்ணு பார்த்தேன், விலை குறைவு. எடுக்கலாமா?

10-க்கு 10, மேலே வீடு, மேற்கு வெயில் இல்லை, இரண்டு பேர். இத்தனையும் பொருந்தினால் எடுக்கலாம். 2,200 வாட் கேட்கும் அறை அது. மற்றபடி வேண்டாம்.

வாடகை வீடு. அடுத்த வருஷம் எந்தத் தளத்துக்குப் போவோம்னு தெரியாது. எதை வாங்குறது?

இப்போது இருக்கும் அறைக்குக் கணக்குப் போடுங்கள். 2,900-க்கு மேல் வந்தால், ரிமோட்டில் திறனைக் குறைத்து வைத்துக்கொள்ளும் வசதியுள்ள ஒன்றரை டன் இன்வெர்ட்டர் எடுங்கள், எந்தத் தளத்துக்குப் போனாலும் ஓட்டலாம். அதற்குக் கீழே என்றால் ஒரு டன்னே எடுங்கள். அடுத்த வீடு பார்க்கும்போது சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள், மேல்தளமாக இருந்தால் சீலிங்கைத் தொட்டும் பாருங்கள். கூடவே ஏ.சி. பாயின்ட்டுக்கு என்ன ஒயர் போட்டிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரும் தனி எம்.சி.பி.யும் இருக்கவேண்டும். பழைய வீடுகளில் சாதாரண 15 ஆம்ப் பிளக்கிலிருந்தே இழுத்துக் கொடுத்திருப்பார்கள், அதில் ஒன்றரை டன்னை மாட்டாதீர்கள்.